கட்ட வேண்டியது 18 லட்சம், ஏட்டில் 33 லட்சம்

24 பிப்ரவரி 2025, திங்கள்

கப்பலூர் பிளாஸ்டிக் கம்பெனி அண்ணன் கையில் கடிதத்தோடு ஆபீசுக்கு வந்துவிட்டார். நாலு வருஷமாக வாராக்கடனில் கிடந்த மெஷின் லோனுக்கு வங்கி செட்டில்மென்ட் கொடுத்துவிட்டது. கேட்ட பாக்கி 58 லட்சம், 36 லட்சம் கட்டினால் போதும். மார்ச் 31-க்குள் பாதி, மே மாதக் கடைசிக்குள் மீதி.

"தம்பி, 22 லட்சம் தள்ளுபடி. இந்த வருஷ லாபத்துலயே ஏத்திருங்க. புது பேங்க்ல பேப்பர் கேக்குறான்."

இதில் இரண்டு சிக்கல். இன்று ஒன்றை மட்டும் சொன்னேன். 58 என்பது வங்கியின் கணக்கு. அதில் அபராத வட்டி, வட்டிக்கு வட்டி, வக்கீல் செலவு என்று 7 லட்சம் இருக்கிறது. அதை நாம் ஒப்புக்கொள்ளவே இல்லை. செலவாகவும் எழுதவில்லை, வழக்கில் இருக்கும் தொகை என்று பேலன்ஸ் ஷீட் குறிப்பில் காட்டியதோடு சரி. மார்ச் வரை வட்டி ஏற்றினாலும் நம் ஏட்டில் அசல் 42, வட்டி பாக்கி 9, மொத்தம் 51 லட்சம்தான். ஏட்டில் வராத கடன் தள்ளுபடியானால் லாபம் எங்கிருந்து வரும்? லாபம் 15, 22 இல்லை.

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

31 மார்ச் 2025, திங்கள்

முதல் பாதி 18 லட்சம் போன வாரமே போய்விட்டது. அசல் லெட்ஜரில் இப்போது 24, வட்டி பாக்கி லெட்ஜரில் 9. ஆக 33 லட்சம் கடன் என்று பேலன்ஸ் ஷீட்டில் நிற்கிறது. போனில் அண்ணன் விடவில்லை. "இன்னும் 18 தானப்பா கட்டணும், எதுக்கு 33-னு காட்டுறீங்க?"

கடிதத்தின் இரண்டாம் பக்கம் அதற்குப் பதில் சொல்கிறது. மே தவணை தவறினால் செட்டில்மென்ட் ரத்து, கட்டிய பணம் மொத்தப் பாக்கியில் வரவு வைக்கப்படும். கடைசித் தவணை போகும்வரை தள்ளுபடி வெறும் வாக்குறுதி. கடன் இன்னும் தீரவில்லை. தீராத கடனைக் குறைத்து லாபம் காட்டி, ஜூனில் அது ரத்தானால் புது வங்கிக்கு என்ன சொல்வது? செட்டில்மென்ட் விவரத்தைக் குறிப்பாக எழுதிச் சேர்த்தேன். அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் வங்கி மேனேஜர் கிடைத்தால் நல்லது.

29 மே 2025, வியாழன்

மீதி 18 லட்சம் கட்டியாயிற்று. தவணைக் காலத்துக்கு வங்கி கேட்ட வட்டி ஏறக்குறைய 30,000 தனி. அதை லாபத்தில் கழிக்காமல் இந்த வருஷ வட்டிச் செலவில் எழுதினேன்.

2 ஜூன் 2025, திங்கள்

பாக்கி இல்லை என்ற சான்று வந்துவிட்டது. கணக்கை முடித்தேன். ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையன் 15 லட்சத்தையும் அசல் லெட்ஜரிலேயே பற்று வைத்துவிட்டான். அசல் 9 லட்சம் எதிர்ப்பக்கம் போய்விட்டது, வட்டி பாக்கி 9 அப்படியே நின்றது. கூட்டினால் சுழி வருவதால் கண்ணில் படாது. சரியான பதிவு இதுதான்:

அசல் லெட்ஜர், பற்று 6 லட்சம்
வட்டி பாக்கி லெட்ஜர், பற்று 9 லட்சம்
கடன் தள்ளுபடி லாபம், வரவு 15 லட்சம்

இப்போது இரண்டு லெட்ஜரும் தனித்தனியாகச் சுழி. லாபத்தை விற்பனையோடு கலக்காமல் தனி வரியில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வாளி வியாபாரம் திடீரென்று ஓகோவென்று நடப்பதாகத் தோன்றும்.

5 ஜூன் 2025, வியாழன்

6, 9 என்று பிரித்தது வரிக்கும் தேவைப்படுகிறது. வங்கி வட்டியைக் கட்டினால்தான் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவு கழிவு தரும். இந்த 9 லட்சத்தை நாம் கட்டவே இல்லை, வருஷா வருஷம் வருமானத்தில் திரும்பக் கூட்டியிருக்கிறோம். கழிவே எடுக்காத தொகை தள்ளுபடியானால் 41(1) பிரிவில் வரி கேட்க முடியாது. பழைய வரிக் கணக்குகளை எடுத்து வைத்திருக்கிறேன்.

அசல் 6 லட்சம்தான் தலைவலி. மெஷின் வாங்கிய கடனின் அசல் தள்ளுபடிக்கு வரி இல்லை என்று 2018-இல் மஹிந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணமாக வரும் ஆதாயம் 28(iv) பிரிவுக்குள் வராது என்பது அதில் ஒரு காரணம். 2023 நிதிச் சட்டம் அந்தப் பிரிவில் பணத்தையும் சேர்த்துவிட்டது. பழைய தீர்ப்பை நம்பி 6 லட்சத்தை விட்டுவிட்டால் நோட்டீஸ் வர வாய்ப்பு அதிகம். வருமானத்தில் சேர்த்துவிடலாம் என்பது ஆடிட்டர் சார் முடிவு, எனக்கும் அதுவே சரி.

கட்டிய 36-ம் அசலுக்கே வரவு என்று வங்கியிடம் எழுத்தில் வாங்கச் சொல்லியிருக்கிறேன். அது இல்லாமல் 6, 9 பிரிவினை நம் பேச்சாகத்தான் நிற்கும்.

12 ஜூன் 2025, வியாழன்

அந்தக் கடிதம் வந்துவிட்டது. மதுரை கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்கை முடிக்க மனு போட்டிருக்கிறார்கள். பத்திரம் வைத்த பதிவை சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்து செய்வது பாக்கி. வில்லங்கச் சான்றில் அது மறையும்வரை புது வங்கி ஈடு வாங்காது. கடன் அறிக்கையில் முழுதாகக் கட்டி முடித்தது என்று வராது, செட்டில்மென்ட் என்றே வரும். அண்ணனிடம் அதையும் சொல்லிவிட்டேன். "அது கிடக்கட்டும் தம்பி" என்றார்.