பட்டியலில் இருந்த பெயர்

எங்கள் கண்காணிப்பாளர் சென்ற மே மாத இறுதியில் ஓய்வு பெற்றபோது, அவருக்குத் தெரியாமல் அவருடைய குடும்பத்தாரும் நாங்களும் சேர்ந்து ஒரு பணி நிறைவு விழா நடத்தினோம். விழா நன்றாகவே நடந்தது என்று வந்தவர்கள் அனைவரும் சொன்னார்கள், நானும் அப்படியே நினைக்கிறேன். ஆனாலும் ஏற்பாடுகளின்போது, நாங்கள் அக்கா என்று அழைக்கும் அவருடைய மனைவியும் நானும் தொலைபேசியில் பேசிய ஒரு சிறு பேச்சு என்னை இன்னும் விடவில்லை.

இரகசியம் ஏன் என்பதை அரசு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓய்வு பெற அனுமதிக்கும் ஆணை கைக்கு வரும்வரை எதுவும் உறுதியில்லை. ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குறிப்பாணை ஒன்று நிலுவையில் இருந்தால் போதும், கடைசி நாளில் பணியிடை நீக்கம் செய்து, அடிப்படை விதி 56(1)(சி)-யைக் காட்டி ஓய்வை நிறுத்தி வைக்க முடியும். மேடையும் மாலையும் தயாராக இருக்க, மனிதர் தலைகுனிந்து வீடு திரும்பிய கதைகளைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லோரும் வேலை பார்த்து வந்திருக்கிறோம். எங்கள் கண்காணிப்பாளர் மீது குறிப்பாணை எதுவும் இல்லை. பழைய தணிக்கை ஆட்சேபனை ஒன்று இருந்தது, அதற்கும் பதில் அனுப்பி ஏற்கப்பட்டுவிட்டது. இருந்தும் அவர், "ஆணை வராமல் அழைப்பிதழ் அடிக்காதீர்கள், யாரிடமும் பணம் பிரிக்காதீர்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எத்தனையோ பேருக்குப் பணம் பிரித்து, சால்வை வாங்கி, வாழ்த்து மடல் எழுதி வழியனுப்பியவர் அவர். அவரைத் தேநீரோடு அனுப்பிவிட எங்களுக்கும் மனம் வரவில்லை, அவருடைய மகளுக்கும் மனம் வரவில்லை.

ஆகவே அழைப்பிதழ் அச்சடிக்காமல், வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட எழுதாமல், எல்லோரையும் தொலைபேசியில் அழைத்துச் சொல்வது என்று முடிவு செய்தோம். அவர் சங்கக் குழுவிலும் இருக்கிறார், ஓய்வு பெற்றோர் குழுவிலும் அவரை முன்கூட்டியே சேர்த்துவிட்டார்கள். எழுதி அனுப்பும் எதுவும் யாராவது ஒருவர் கைதவறி அவருக்கே போய்ச் சேரும். வீட்டுப் பக்கம் வேலை எளிதாக இருந்தது, ஏனென்றால் ஜூன் முதல் வாரத்தில் திருக்கடையூரில் அவருக்கு மணிவிழா வைத்திருந்தார்கள். உறவினர்கள் அடிக்கடி அழைப்பதற்கும், அக்கா திடீரென்று பேச்சை நிறுத்துவதற்கும், புதுப் புடவை வாங்கியதற்கும் மணிவிழாவே காரணமாக அமைந்தது. ஆணை வராமல் போனால் மண்டபத்தில் குடும்பத்தார் மட்டும் சாப்பிட்டுக் கலைவது என்றும் பேசி வைத்திருந்தோம்.

யாரை அழைப்பது என்பதற்கும் அந்த மணிவிழாதான் உதவியது. மணிவிழாவுக்காக அவரே தம் கைப்பட ஒரு பட்டியல் எழுதியிருந்தார். மகள் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். நீல மையில், கோப்புக் குறிப்பு எழுதுவதைப் போலவே இடப்பக்கம் ஓரம் விட்டு வரிசை எண் போட்டு எழுதிய பட்டியல். தம்பி, மைத்துனர், சம்பந்தி ஆகியோரை அடுத்து, எங்கள் அலுவலகத்தில் பல ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்ற அலுவலக உதவியாளர் ஒருவரின் பெயர் இருந்தது. அதற்கு நேரே "நேரில் சென்று அழைக்க" என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தார். கண்காணிப்பாளர் இளநிலை உதவியாளராக இந்த ஊருக்கு வந்தபோது, அறை கிடைக்கும்வரை அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணையில்தான் தங்கியிருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருவரும் இன்றும் காலையில் ஒரே கடையில் தேநீர் குடிப்பவர்கள் என்பதும் தெரியும்.

அக்கா முதலில் கேட்டது அவரைப் பற்றித்தான். "பெரியவருக்கு யார் சொல்வது தம்பி?" என்றார். நான் சற்று யோசித்துவிட்டு, "அவருக்கு மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது அக்கா, மறுநாள் காலையே டீக்கடையில் சொல்லிவிடுவார், மணிவிழாவுக்குத்தான் சார் நேரில் அழைக்கப் போகிறாரே, அது போதும்" என்றேன். சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு, "நீங்கள் சொன்னால் சரிதான்" என்றார்.

அந்தப் பதிலை இப்போது நினைக்கும்போது, அதில் சம்மதம் எவ்வளவு இருந்தது, ஏற்பாடு செய்பவர் மனம் கோணக்கூடாது என்ற தயக்கம் எவ்வளவு இருந்தது என்று பிரிக்க முடியவில்லை. நான் சொன்ன காரணம் பொய்யில்லை. அந்தப் பெரியவர் பேச்சை அடக்கத் தெரியாதவர்; அது குறையும் இல்லை, அவர் சுபாவம். அவரிடம் சொல்லியிருந்தால் விழா வெளியே தெரிந்திருக்கும், கண்காணிப்பாளர் அதை நிறுத்தியிருப்பார். இதுவரை என் நியாயம் சரியாகத்தான் நிற்கிறது. ஆனால் அப்படிப் பார்த்தால், விழாவுக்கு வந்தவர்கள் அவருக்கு நெருக்கமானவர்கள் என்பதால் வந்தவர்கள் அல்ல, வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்று நாங்கள் நம்பியதால் வந்தவர்கள் என்றாகிறது. வழக்கமான விழாவில் அழைப்பிதழ் கட்டு ஓய்வு பெறுபவர் கைக்கே போகும், யாருக்குக் கொடுப்பது என்பதை அவர் தீர்மானிப்பார். அந்த உரிமையை நாங்கள் எடுத்துக்கொண்டோம், அதுவும் அவர் எழுதி வைத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே.

31ஆம் தேதி சனிக்கிழமையாக இருந்ததால் வெள்ளியன்றே எல்லாம் முடிய வேண்டும். மாலை நான்கு மணிக்குமேல் ஆணை வந்தது. பொறுப்பு ஒப்படைத்துக் கையெழுத்திட்டார், தேநீர் குடித்தோம், ஒரு சால்வை போர்த்தினோம். வீட்டில் கொண்டுபோய் விடும் வழக்கப்படி காரில் ஏற்றி மண்டபத்துக்கு அழைத்துச் சென்றோம். வாசலில் பேரனைக் கண்டதும் அவர் அப்படியே நின்றுவிட்டார். அழுதார், சிரித்தார், எல்லோர் கைகளையும் பற்றிக்கொண்டார். அந்த ஒரு மணி நேரத்துக்காகச் செய்தது எல்லாம் தகும் என்றே அப்போது நினைத்தேன், அந்த எண்ணம் இன்றும் முழுதாக மாறிவிடவில்லை.

பந்தியில் உட்காரப் போகும்போது என் தோளில் கை வைத்து, "பெரியவர் வரவில்லையா தம்பி?" என்று கேட்டார். "அவருக்குச் சொல்லவில்லை சார்" என்றேன். "சரி, சரி" என்று தலையசைத்துவிட்டு இலை முன் அமர்ந்தார். அதன்பின் அதைப் பற்றி இன்றுவரை அவர் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும்.

மணிவிழாவுக்குப் பெரியவரை அவர் நேரில் போய்த்தான் அழைத்தார். திருக்கடையூருக்குப் பெரியவர் வரவில்லை, முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினார். முழங்கால் வலி அவருக்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் பணி நிறைவு விழா நடந்தது அதற்குள் ஊர் முழுதும் தெரிந்துவிட்டது, டீக்கடையிலும் பேசியிருப்பார்கள்.

பணி நிறைவு விழா அன்று மதியம் பெரியவர் வீட்டுக்குக் காரோடு போய், அங்கேயே விஷயத்தைச் சொல்லி உடனே அழைத்து வந்துவிடலாம் என்று மகள் ஒரு யோசனை சொன்னார். அதையும் நான் மறுத்தேன். வயதில் மூத்தவரைக் கடைசி நேரத்தில் அழைப்பது அழைக்காமல் விடுவதைவிட அவமரியாதை என்று அப்போது சொன்னேன். இப்போதும் அந்தக் கருத்தில் எனக்குப் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் அந்த அவமரியாதையை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அந்தப் பெரியவர். கார் அவர் வாசலில் போய் நின்றிருந்தால், சட்டையை மாற்றிக்கொண்டு முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருப்பார் என்றுதான் அவரை அறிந்த எனக்குத் தோன்றுகிறது.