36 மணித்தியால ஸ்போக்கன் இங்கிலீஷ்: வேலைக்குப் போகிறவர்கள் எதை எதிர்பார்க்கலாம்?

செவ்வாய், வியாழன் மாலை 5.45 முதல் 7.15 வரை, 12 கிழமை. மொத்தம் 36 மணித்தியாலம். யாழ்ப்பாணத்தில் வேலை முடித்து வருகிறவர்களுக்காக நாங்கள் நடத்தும் வகுப்பின் முழு நேரமும் இவ்வளவுதான். பருத்தித்துறைக்கும் சாவகச்சேரிக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பதால் இதற்கு மேல் நீட்ட முடியாது.

இதற்குள் சரளமாகப் பேச வருமா? வராது. கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பரீட்சைகளை நடத்துகிறவர்களின் கணக்குப்படி, ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து எளிய அன்றாடப் பேச்சுக்குரிய ஏ2 மட்டத்துக்கு ஏறக்குறைய 180 முதல் 200 மணித்தியாலமும், ஓரளவு தனியே சமாளிக்கும் பி1 மட்டத்துக்கு 350 முதல் 400 மணித்தியாலமும் வேண்டும். தரம் 3 இலிருந்து ஓ/எல் வரை படித்தது கைகொடுக்கும். வாசித்தால் விளங்கும், சொல் தெரியும், ஆனால் வாயில் வராது. அந்த ஒரு இடத்தில்தான் 36 மணித்தியாலத்தையும் செலவழிக்கிறோம். அதனால் எடுத்துக்கொள்வதும் ஒரேயொரு வேலை: ரெலிபோனில் பேசுவது.

ஸ்டான்லி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கிறவர் கொழும்பு சப்ளையரோடு பேச வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "நேற்று நீங்கள் அனுப்பின சாமான் இன்னும் வரேல்லை" என்பதுதான் விஷயம். ஒவ்வொரு சொல்லுக்கும் அவருக்கு ஆங்கிலம் தெரியும். ஆனாலும் "யெஸ்டர்டே யூ…" என்று தொடங்கி நின்றுவிடுவார். தமிழில் "அனுப்பின" என்பது சாமானுக்கு முன்னால் வரும், "வரேல்லை" கடைசியில் வரும். ஆங்கிலத்தில் யார் என்றதும் வினைச்சொல் வந்துவிட வேண்டும். தமிழ் வசனத்தை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு அதைத் தலைகீழாக அடுக்கப் பார்க்கும்போதுதான் நாக்கு நிற்கிறது.

அதற்கு இலக்கண விதி சொல்லிப் பயனில்லை. வசனத்தை இரண்டாக உடைக்கப் பழக்குகிறோம். "யூ சென்ட் த குட்ஸ் யெஸ்டர்டே. தே ஹேவ் நொட் கம் யெற்." இரண்டும் சின்னது, இரண்டும் சரி, கேட்கிறவருக்கும் குழப்பமில்லை. முதல் 4 கிழமையும் இதுதான்: ஆள், வினை, பிறகு மற்றதெல்லாம். நீண்ட வசனம் பிறகு தானாக ஒட்டும்.

அடுத்தது எண்கள். சப்ளையர் "ஃபிஃப்டீன் பொக்ஸஸ்" என்றாரா "ஃபிஃப்டி" என்றாரா? ஃபோனில் வாயசைவும் தெரியாது, கையசைவும் தெரியாது. விளங்காமலே "யெஸ், யெஸ்" என்று சொல்லி வைப்பதுதான் வேலையிடத்தில் ஆகக் கூடிய நட்டத்தைத் தரும் பிழை. "வன் ஃபைவ்?" என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிக் கேட்க வேண்டும். "சொறி, குட் யூ ரிப்பீட் த நம்பர்?" என்பது வெட்கமில்லாமல் வாயில் வர வேண்டும். இதற்காகவே வகுப்பில் இருவர் இருவராக முதுகுக்கு முதுகு கதிரை போட்டு இருத்திப் பேச வைக்கிறோம்.

ஒரு வகுப்பில் 12 பேருக்கு மேல் எடுப்பதில்லை. 90 நிமிடத்தில் ஆசிரியர் 60 நிமிடம் விளங்கப்படுத்தினால் ஆளுக்கு இரண்டரை நிமிடம்தான் மிஞ்சும். எங்கள் வகுப்பில் 40 நிமிடம் சோடிப் பேச்சு, ஆகவே ஆளுக்கு 20 நிமிடம். 24 வகுப்புக்கும் சேர்த்து 8 மணித்தியாலம். வீட்டில் தினமும் 10 நிமிடம் வாய்விட்டுப் பேசினால் அதே 12 கிழமையில் 14 மணித்தியாலம் சேரும். வகுப்பை விட அது கூட. அந்த 10 நிமிடம் கிடைக்காதவர் இப்போது சேர வேண்டாம், அடுத்த பிரிவுக்கு வரலாம்.

1ஆம், 6ஆம், 12ஆம் கிழமைகளில் ஒரே விஷயத்தை 2 நிமிடம் பேசி ஃபோனில் பதிவுசெய்து, 3 செக்கனுக்கு மேல் நின்ற இடங்களை எண்ணுங்கள். 6ஆம் கிழமையில் அது கூடியிருந்தால் பயப்பட வேண்டாம். "டிட் யூ வென்ட்" பிழை என்று காது கண்டுபிடிக்கத் தொடங்கியிருக்கும், திருத்துவதற்காக வாய் நிற்கும். பலர் விட்டுவிட்டுப் போவது இந்தக் கிழமையில்தான், அது எங்களுக்கு உண்மையிலேயே கவலை. 12ஆம் கிழமையிலும் குறையாவிட்டால் வீட்டுப் பேச்சு நடக்கவில்லை என்றே பெரும்பாலும் அர்த்தம்.

கடிதம் எழுதுவது, ஐஈஎல்ரிஎஸ், கனடாவில் பிறந்த மருமக்கள் வேகமாகக் கதைப்பதை விளங்கிக்கொள்வது ஆகியவை இந்த வகுப்பில் இல்லை.

சேர முதல் 10 நிமிடம் உங்களோடு பேசிப் பார்ப்போம். வரும்போது, போன கிழமை வேலையில் சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் போன மூன்று வசனங்களைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். முதல் நாள் பாடம் அவற்றிலிருந்துதான்.