மூன்று வாரம் தள்ளிப்போன தளமும் வீட்டுக்காரருக்கு எழுதிய செய்தியும்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கிறேன். பேச்சு தமிழ், பஞ்சாயத்துக் காகிதம் மலையாளம், மணலும் ஜல்லியும் பெரும்பாலும் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து. எங்கள் ஊர் வேலை அப்படித்தான் நடக்கிறது. போன வருஷம் நான் கட்டிய ஒரு மாடி வீட்டின் உரிமையாளர் ஷார்ஜாவில் இருக்கிறார். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். வேலையை ஊரிலிருந்து பார்ப்பது அவருடைய மாமனார்.

மேல்தளக் கான்கிரீட் அக்டோபர் 3 அன்று போட வேண்டியது. போட்டது 24 அன்று. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கரண்ட் பைப் பதித்து எல்லாம் தயாராக இருந்தபோது, கிரஷரில் கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் மணல் லோடு நின்றுவிட்டது. அன்று ராத்திரியே இரண்டு வரி அனுப்பினேன்: “அண்ணா, மணல் லோடு நின்னுபோச்சு, தளம் தள்ளிப்போகும். எத்தனை நாள்னு இப்போ சொன்னா அது பொய்யாயிடும். தளம் போட்ட அன்னிக்குக் கணக்குப் போட்டுத் தேதி சொல்றேன்.” தாமதம் தெரிந்த அன்றே அதைச் சொல்லிவிட வேண்டும். தேதியை மட்டும், கணக்குப் போட முடிகிற நாள் வந்த பிறகு சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் ஒன்று தகவல் தாமதமாகப் போகும், இல்லை தேதி பொய்யாகும்.

24 அன்று சாயங்காலம் கான்கிரீட் முடிந்து, ஓரத்தில் நீர் கட்டப் பாத்தி பிடித்துக்கொண்டிருந்தபோது முழுச் செய்தியை எழுத உட்கார்ந்தேன். முதலில் கைக்கு வந்த வரி “மழையால் தாமதம்” என்பது. அதை அழித்தேன். ஐப்பசி மழை மத்தியானத்துக்கு மேல் வந்தது உண்மை. பச்சைத் தளத்தில் மழை விழுந்தால் மேல் சிமென்ட் கழுவிப் போய்விடும், அதனால் காத்திருந்ததும் உண்மை. ஆனால் மழைக்குப் போனது ஆறு நாள்தான். மணலுக்குப் போனது பதினைந்து நாள். மாமனார் தினமும் சைட்டுக்கு வருகிறவர், மழை எப்போது பெய்தது என்று அவருக்குத் தெரியும். மழை மேல் பழியைப் போட்டிருந்தால் அதற்குப் பிறகு நான் சொல்கிற எதையும் அவர்கள் நம்ப வேண்டியதில்லை.

கடைசியில் போன செய்தி இது:

“அண்ணா, இன்னிக்கு மேல்தளம் போட்டாச்சு. சாவி டிசம்பர் 31-க்குக் கொடுக்கறதா சொல்லியிருந்தேன், அது ஜனவரி 27 ஆகும். தை முதல் வாரத்துல பால் காய்ச்சறதா இருந்தீங்க, அந்த முகூர்த்தத்துக்கு வீடு தயாராகாது. இருபத்தியோரு நாள் போனதுல ஆறு நாள் மழை. பதினஞ்சு நாள் மணல், அது என் பொறுப்பு. ஒரே கிரஷரை நம்பியிருந்தேன். தளத்துக்கு வேண்டிய மணலை முன்னாடியே இறக்கி வச்சிருக்கணும். அந்த நாளுக்கான சென்ட்ரிங் வாடகை என் கணக்குல. தளத்துக்கான தவணையை முட்டுப் பிரிச்சு, அடிப்பக்கத்தை மாமா பாத்த பிறகு அனுப்புங்க. பூச்சுக்கு வேண்டிய மணல் முழுசும் இந்த வாரமே சைட்டுக்கு வந்துடும், ரெண்டு இடத்துல சொல்லியிருக்கேன். ராத்திரி கூப்பிடறேன்ணா.”

புதுத் தேதியை முதலிலேயே வைத்தது யோசித்துத்தான். ஷார்ஜாவில் டியூட்டி நடுவே போனைப் பார்க்கிறவர் முதல் இரண்டு வரியில் தெரிந்துகொள்ள வேண்டியது, விமான டிக்கெட்டை மாற்ற வேண்டுமா என்பதைத்தான். மூன்று வாரம் போனதற்கு நான்கு வாரம் ஏன் தள்ளினேன் என்றால், பூச்சு வேலை நேராகக் கார்த்திகை ஈரத்தில் போய் விழுகிறது. சுவர் காயாமல் பட்டி பார்த்தால் பின்னால் உரிந்து வரும். அதற்காக ஒரு வாரம் சேர்த்தேன்.

ராத்திரி போனில் அவர் கோபமாகத்தான் இருந்தார். வங்கிக் கடனுக்கு வட்டி ஓடுகிறது, வீட்டு வாடகை ஒரு மாசம் கூடுகிறது. நியாயமான கோபம், குறுக்கே பேசவில்லை. அதற்குப் பிறகு கேட்ட மூன்று கேள்விகள்தான் முக்கியம். “கவலைப்படாதீங்கண்ணா” என்றால் அவற்றில் ஒன்றுக்கும் பதில் ஆகாது.

முதல் கேள்வி: “கட்டின கம்பி மூணு வாரம் மழையில கிடந்துச்சே தம்பி, துரு ஏறியிருக்காதா?” ஏறியிருந்தது. மேலாகப் படிகிற பழுப்புத் துருவால் கெடுதல் இல்லை. விரலால் சுரண்டினால் செதிலாக உதிர்கிற துருதான் கான்கிரீட்டைக் கம்பியோடு ஒட்ட விடாது. 23 அன்று முழுக்கக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சென்ட்ரிங் தகட்டில் விழுந்த தூளைக் காற்றடித்து எடுத்தோம். மாமா பக்கத்தில் நின்று பார்த்தார். அந்தப் போட்டோக்களை அனுப்பினேன்.

இரண்டாவது, மணல். அவசரத்துக்கு வேறு எதையாவது கலந்துவிட்டோமோ என்ற சந்தேகம். கிரஷர் தூசியை உடனே தருகிறேன் என்று ஒருவர் சொன்னது உண்மைதான், வேண்டாம் என்றுவிட்டேன். தூசியில் பொடி அதிகம், அது தண்ணீரைக் குடிக்கும், கலவை இறுகிப் போகும், ஆட்கள் மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள், தளம் பலம் குறைந்து விரிசல் விடும். வந்த எம்-சாண்டைக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி வைத்து, மேலே படிந்த பொடி அளவை மாமாவிடம் காட்டியிருந்தேன். அவரையே கேளுங்கள் என்றேன்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. “தளத்தைத் தாங்குற முட்டுகளை ஏழு நாள்ல பிரிச்சா ஒரு வாரம் மிச்சமாகுமே? பக்கத்து வீட்டுல அப்படித்தானே பண்ணாங்க?” ஹாலின் அகலம் 4.8 மீட்டர். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்குத்தான் ஏழு நாள், அதைத் தாண்டினால் குறைந்தது பதினான்கு. ஹால் மேலே போகிற உத்தரமும் 6 மீட்டருக்குள் என்பதால் அதற்கும் பதினான்கு. நவம்பர் 7-க்கு முன்னால் ஜாக்கி முட்டு எதையும் தொட மாட்டேன் என்றேன். நீர் கட்டுவதும் அப்படித்தான், நாங்கள் போட்டது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட், பத்து நாளாவது தளம் ஈரமாக இருக்க வேண்டும். போன நாட்களை இந்த இரண்டில் பிடிக்க முடியாது. “வேற எங்கே பிடிக்கலாம்?” என்று அவரே கேட்டார். அங்கிருந்து பேச்சு மாறியது.

பிடிக்க இடம் இருந்தது. மேல்தள முட்டுகள் நிற்பது மாடி அறைகளில். கீழ்வீடு காலி. முட்டு பிரியும் வரை காத்திராமல் கீழே உள்பூச்சைத் தொடங்கி, அது காய்கிற நேரத்தில் மாடிப் பூச்சுக்குப் போய், திரும்பி வந்து கீழே டைல்ஸ் போடலாம். இரண்டு கொத்தனார் கூட வேண்டும், அந்தக் கூலி என்னுடையது என்று ஒத்துக்கொண்டேன். “அப்போ 20-ஆம் தேதின்னு வச்சுக்கலாமா?” என்றார். வேண்டாம் அண்ணா, 27 என்றே இருக்கட்டும் என்றேன். மிச்சமாகிற நாள் சுவர் காய்வதற்கு. சொன்ன தேதியை ஒருமுறை மாற்றியாகிவிட்டது, இன்னொரு முறை மாற்ற நேர்ந்தால் அவருடைய சொந்தக்காரர்களுக்கு அவர் என்ன பதில் சொல்வார்?

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் ஒரு செய்தி அனுப்பினேன். அந்த வாரம் என்ன முடிந்தது, என்ன முடியவில்லை, 27 நிற்கிறதா என்ற மூன்றுதான். நவம்பரில் ஒரு வாரம் மழை விடவே இல்லை, வெளிப்பூச்சு நின்றது. அதையும் எழுதினேன், உள்வேலை ஓடுவதால் தேதி மாறவில்லை என்பதையும் எழுதினேன். முட்டுப் பிரித்த அன்று மாமா டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார். உத்தரத்துக்கு அடியில் ஒரு இடத்தில் ஜல்லி தெரிந்தது. அதைச் சுரண்டி, கலவை வைத்து அடைத்த பிறகே தவணை வந்தது.

ஜனவரி 25 அன்று சாவி கொடுத்தேன். தை முடிவதற்குள் இன்னொரு முகூர்த்தம் கிடைத்தது, அதில் பால் காய்ச்சினார்கள். வீட்டு நம்பருக்கான பஞ்சாயத்து விண்ணப்பம் மட்டும் இன்னும் என் கையில் இருக்கிறது.