பனிக்கட்டி நீராவியாகும் வரைபடத்தில் கிடைக்கோடுகளை வாசித்தல்

பதினொன்றாம் வகுப்புத் தேர்வொன்றில் வெப்பநிலை–நேர வரைபடம் கொடுத்து, பனிக்கட்டி உருகத் தேவைப்பட்ட வெப்பத்தைக் கேட்டிருந்தார்கள். நிறை, தன்வெப்ப ஏற்புத்திறன், வெப்பநிலை மாற்றம் மூன்றின் பெருக்கமான mcΔT-ஐ நான் எழுதி, வெப்பநிலை மாறாததால் விடை சுழி என்று முடித்தேன். வெப்பமூட்டி ஒரு நொடியும் நிற்கவில்லை என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. அதன் பிறகு இவ்வகை வரைபடத்தைப் பார்த்தால், கோட்டின் உயரத்தைக் கவனிக்கும் முன்பு கிடை அச்சில் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதையே பார்க்கிறேன்.

−20 °C வெப்பநிலையிலுள்ள 100 கிராம் பனிக்கட்டியை, வெப்ப இழப்பின்றி, 500 வாட் வெப்பமூட்டியால் சூடாக்குவதாகக் கொள்வோம். ஒவ்வொரு நொடியும் 500 ஜூல் உள்ளே செல்வதால், நேரத்தை 500 ஆல் பெருக்கினால் அதுவரை கொடுத்த வெப்பம் கிடைத்துவிடும். பனிக்கட்டி 0 °C-ஐ அடைய 4,200 ஜூல் தேவை, அதற்கு 8.4 நொடி ஆகும். அது முழுவதும் உருக, கிராமுக்கு 334 ஜூல் வீதம் 33,400 ஜூல், அதாவது ஏறத்தாழ 67 நொடி ஆகும். அந்த நீர் 100 °C-ஐ அடைய 84 நொடி. ஆனால் அது முழுவதும் ஆவியாக, கிராமுக்கு 2,260 ஜூல் வீதம், ஏழரை நிமிடத்துக்கும் மேல் ஆகிறது.

வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலைக் காட்டும் அளவு. 0 °C-இல் உள்ளே வரும் ஆற்றல் மூலக்கூறுகளின் வேகத்தைக் கூட்டாமல், பனிக்கட்டியின் ஒழுங்கான அமைப்பைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளில் ஒரு பகுதியைத் தளர்த்துவதில் செலவாகி, நிலை ஆற்றலாகச் சேர்கிறது. அதனால்தான் கோடு கிடையாகிறது. உருகிய நீரில் பெரும்பாலான பிணைப்புகள் எஞ்சியிருக்கும். கொதிக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றையொன்று விட்டு முற்றிலும் விலக வேண்டும். விரிவடையும் ஆவி வளிமண்டல அழுத்தத்தை எதிர்த்து வேலையும் செய்ய வேண்டும். இரண்டாவது கிடைக்கோடு முதலாவதைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு நீண்டிருப்பதன் காரணம் இதுவே. சாய்ந்த பகுதிகளுக்கு mcΔT, கிடைப்பகுதிகளுக்கு நிறையை உள்ளுறை வெப்பத்தால் பெருக்கும் mL என்ற பிரிவும் இதிலிருந்தே வருகிறது.

செய்முறையில் என் முதல் கிடைக்கோடு மெல்ல மேலேறிச் சென்றது. நான் கலக்காமல் விட்டதால், பாத்திரத்தின் அடிப்பகுதியிலிருந்த நீர் மட்டும் சூடாகி, வெப்பநிலைமானியின் குமிழ் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. விடாமல் கலக்கியபோது, பனிக்கட்டி எஞ்சியிருக்கும் வரை அளவீடு 0 °C-ஐ ஒட்டியே நின்றது.

கிடைக்கோட்டின் நடுவில் ஒரு புள்ளியைக் காட்டி, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பதும் உண்டு. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 40-ஆவது நொடியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 8.4 நொடியைக் கழித்தால் உருகுவதற்குக் கிடைத்தது 31.6 நொடி, அதாவது 15,800 ஜூல். அதை 334 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 47 கிராம் நீரும், மீதி 53 கிராம் பனிக்கட்டியும், இரண்டுமே 0 °C-இல் இருக்கும்.