விபத்தைப் பார்த்தேன், மோதிய கணத்தைப் பார்க்கவில்லை: நான் கொடுத்த சாட்சி வாக்குமூலம்

கோவை சிங்காநல்லூர் பக்கம், திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் நடந்த விபத்து இது. ஸ்கூட்டரில் நேராக வந்துகொண்டிருந்த பெண்மணி மீது, எதிரே வந்து வலப்புறச் சந்துக்குள் திரும்பிய குட்டியானை சரக்கு வண்டி மோதிவிட்டது. அவருக்கு வலது கால் எலும்பு முறிந்தது. நான் சந்து முனைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தேன். அவரும் சரி, டிரைவரும் சரி, எனக்கு யாரென்றே தெரியாது.

108-க்குப் போன் போட்டது, வண்டிகளை நகர்த்துவதற்கு முன் நாலைந்து போட்டோ எடுத்தது, ஆம்புலன்ஸ் வந்ததும் கைகொடுத்துத் தூக்கிவிட்டது எல்லாம் பலரும் செய்கிறதுதான். அதற்குப் பிறகு சாட்சி சொல்கிற வேலையைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அன்று இரவே ஒரு தாளில் எழுதி வைத்தேன். காரணம் இருக்கிறது. நம்மூரில் விபத்து வழக்கு கோர்ட்டுக்கு வர வருஷக்கணக்காகும். அதற்குள் நாம் பார்த்ததும், மற்றவர்கள் பேசக் கேட்டதும் மனசுக்குள் ஒன்றாகக் கலந்துவிடும். சம்பவம் நடந்த சூட்டோடு, தானே எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவுபடுத்திக்கொண்டு பதில் சொல்ல சாட்சிக்குச் சட்டத்தில் இடம் உண்டு.

எழுதும்போது தாளில் நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். ஒரு பக்கம் கண்ணால் பார்த்தது. மறுபக்கம் காதால் கேட்டதும் ஊகித்ததும். இப்படிப் பிரித்ததும்தான் ஒரு முக்கியமான விஷயம் தெளிவானது. குட்டியானை திரும்பத் தொடங்கியதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்த மாதிரிதான் வந்தது. முன்பக்க வலது இண்டிகேட்டர் எரியவில்லை. அந்த நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து எனக்கு முன்னால் நின்று பார்வையை மறைத்துவிட்டது. சத்தம் கேட்டது. ஆட்டோவைச் சுற்றி ஓடினேன். ஸ்கூட்டர் தன் பாதையிலேயே, ரோட்டின் இடது ஓரத்தை ஒட்டிச் சாய்ந்து கிடந்தது. குட்டியானையின் மூக்கு சந்துக்குள் நுழைந்திருந்தது, அதன் இடதுபக்க முன் விளக்கு உடைந்திருந்தது. ஆக, மோதலுக்கு முந்தியதையும் பிந்தியதையும் பார்த்திருக்கிறேன். மோதிய கணத்தைப் பார்க்கவில்லை. அப்படியே எழுதினேன்.

டிரைவர் இறங்கி வந்ததும் சொன்னது, "வண்டி வந்தத பாக்கலீங்க" என்பது. அதை என் மொழியில் மாற்றாமல், அவர் வாயிலிருந்து வந்தபடியே மேற்கோளுக்குள் போட்டேன். "டிரைவர் தப்பை ஒத்துக்கொண்டார்" என்று எழுதியிருந்தால் அது என்னுடைய முடிவாகப் போயிருக்கும்.

போலீஸிலிருந்து போன் வந்தது. "ஸ்டேஷனுக்கு ஒருவாட்டி வந்துட்டுப் போயிருங்க சார்" என்றார் ஏட்டையா. நான் மரியாதையாகவே, "மத்தியானம் என் கடைக்கு வந்தீங்கன்னா நல்லாப் பேசலாம்ங்க" என்றேன். விபத்தில் அடிபட்டவர்களுக்கு உதவி செய்தவர்களைப் பாதுகாக்க 2016-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை ஏற்றது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது, 2020-இல் அதற்கான விதிகள் வந்தன. உதவி செய்தவர் பெயர், விலாசம் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. அவராகவே விரும்பிச் சாட்சி சொன்னால், அவருக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில், சீருடை இல்லாமல் வந்துதான் விசாரிக்க வேண்டும். நான் சட்டமெல்லாம் பேசவில்லை. கேட்டதுமே அவர் சரி என்று சொல்லி, சாதா உடையில் வந்தார்.

நான் சொல்லச் சொல்ல எழுதியவர், முடிவில் வாசித்துக் காட்டினார். "குட்டியானை ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதினார்" என்று ஒரு வரி இருந்தது. எல்லா விபத்து வழக்கிலும் வழக்கமாக வருகிற வரி அது. வேகம் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, மோதியதைப் பார்க்கவும் இல்லை என்று சொன்னேன். அடித்துவிட்டு, "இண்டிகேட்டர் போடாமல், எதிரே வண்டி வருவதற்கு நிற்காமல் வலப்புறம் திரும்பியதைப் பார்த்தேன். பிறகு ஆட்டோ மறைத்துக்கொண்டது, சத்தம் கேட்டது" என்று மாற்றிக்கொண்டார். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது அதனால்தான் அவசியம். விசாரணையில் போலீஸ் எழுதும் இந்த வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்பது சட்டம்; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அப்படித்தான், அதன் இடத்தில் இப்போது இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்திலும் அப்படித்தான். நானும் போடவில்லை. ஆனால் பின்னால் கோர்ட்டில் நான் வேறு மாதிரி பேசினால், எதிர்த்தரப்பு வக்கீல் இதைக் காட்டித்தான் என்னை மடக்குவார்.

அடிபட்டவரின் கணவர் பிறகு தேடி வந்தார். விபத்து நடந்தபோது அவர் அங்கே இல்லை. மனைவி சொன்னதை வைத்துப் புகார் கொடுத்தவர். முகமே வாடிப் போயிருந்தது. "அண்ணா, வண்டி ரொம்ப வேகமா வந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்கண்ணா. அவ ஹெல்மெட் போட்டிருந்தான்னும் சேர்த்துக்கங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு, அவர் மனைவி வேலைக்குப் போக முடியாத மாதங்கள் எல்லாம் அந்தக் கேட்பில் இருந்தன.

உட்காரவைத்து நிதானமாகச் சொன்னேன். "தம்பி, சந்துக்குள்ள திரும்புற வண்டி எவ்வளவு வேகமாப் போயிருக்கும்? இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் இதைத்தான் முதல்ல கேப்பார். அந்த ஒரு வரி உடைஞ்சா நான் நிஜமாப் பார்த்ததையும் நம்ப மாட்டாங்க." இந்த விபத்தில் தவறு வேகத்தில் இல்லை. வலப்புறம் திரும்புகிறவர் எதிரே நேராக வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், இவர் விடவில்லை. அதற்குத் திரும்பிய விதம், ஸ்கூட்டர் கிடந்த இடம், உடைந்த இடது விளக்கு மூன்றுமே போதும்.

ஹெல்மெட் அவர் தலைக்கு இரண்டு அடி தள்ளிக் கிடந்தது. மாட்டியிருந்து கழன்றதா, கால் வைக்கும் இடத்திலிருந்து விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. கிடந்ததை மட்டும் எழுதினேன். அடிபட்டது கால் என்பதால், ஹெல்மெட் இல்லை என்று யாராவது சொன்னாலும் அந்தக் காயத்துக்கு அதைக் காரணமாக்குவது கஷ்டம் என்றும் அவரிடம் சொன்னேன். ஓரளவு சமாதானமானார்.

அவருக்குக் கொடுத்த தாளில் இருந்தது இவ்வளவுதான்: தேதி, மாலை 6.40 வாக்கில் என்ற நேரம், நான் நின்ற இடம், அங்கிருந்து சந்து முனை சுமார் பதினைந்து தப்படி, இன்னும் வெளிச்சம் இருந்தது, பார்த்தது, மறைந்தது, கேட்டது, டிரைவர் சொன்ன வார்த்தை, இரு வண்டிகளின் நம்பர், கூடவே கையால் போட்ட ஒரு வரைபடம். கீழே கையெழுத்தும் எழுதிய தேதியும். போலீஸுக்குச் சொன்னதற்கும் இதற்கும் ஒரு சொல்கூட முரண்படாமல் பார்த்துக்கொண்டேன். இந்தத் தாள் மட்டும் விபத்து நஷ்டஈடு கேட்கும் தீர்ப்பாயத்தில் சாட்சியாக நிற்காது, கூப்பிட்டால் நேரில் வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை. வருகிறேன் என்று சொல்லி போன் நம்பரைக் கொடுத்தேன்.

போட்டோக்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் 'டாகுமெண்ட்' ஆக அனுப்பினேன். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த நேரம் போன்ற உள்விவரங்களும் போய்விடும். மூலப் படங்கள் என் போனிலேயே இருக்கின்றன. அவற்றைச் சாட்சியமாகக் காட்டும்போது இந்தப் போனில் எடுத்தவை என்று சான்றிதழ் தர வேண்டியிருக்கும் என்பதால், வழக்கு முடியும்வரை இந்தப் போனை மாற்றுவதாக இல்லை.