ஸ்கான் செய்த நெகட்டிவில் வானவில் வளையங்கள்: இடைவெளியைச் சரிசெய்த விதம்

திருகோணமலையில் பழைய ஸ்ரூடியோ நெகட்டிவுகளை ஸ்கான் செய்யும்போது இந்தக் கோளாறு முதலில் வானத்திலும் கடலிலும்தான் தெரியும். முகத்திலும் மரத்திலும் அது இருந்தாலும் கண்ணில் படாது. ஒரே சாம்பல் நிறமாகப் பரந்த இடத்தில் மட்டும், தண்ணீரில் எண்ணெய் விழுந்தது போல வளைவு வளைவான கோடுகள் நிற்கும். கலர் பிலிமில் பச்சையும் சிவப்புமாகவும், கறுப்பு வெள்ளையில் வெளிறிய பட்டைகளாகவும் வரும்.

இதற்கு நியூட்டன் வளையம் என்று பெயர். பிலிமின் வழுவழுப்பான பக்கமும் கண்ணாடியும் ஏறத்தாழ ஒட்டிக் கிடக்கும்போது, நடுவில் மிக மெல்லிய காற்றுப் படலம் அகப்படுகிறது. அதன் இரு முகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கூடி ஓரிடத்தில் பிரகாசமாகும், இன்னோரிடத்தில் மங்கும். பச்சை ஒளிக்கு, காற்றுப் படலம் 0.27 மைக்ரோமீற்றர் தடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு புதிய வளையம் சேரும். ஒரு A4 தாளின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர், அதாவது 100 மைக்ரோமீற்றர். அந்த அளவு இடைவெளி இருந்தாலே வளையம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே "கிட்டத்தட்ட ஒட்டிய" நிலைதான் ஆபத்து. கண்ணாடியைத் துடைப்பதாலோ, தூசு நீக்கும் வசதியைப் போடுவதாலோ இது போகாது. அந்த வசதி தேடுவது தூசையும் கீறலையும், இது இரண்டுமில்லை.

நாங்கள் படிப்படியாகச் சரிசெய்த ஒரு நெகட்டிவை எடுத்துக்கொள்வோம். 120 பிலிமில் எடுத்த 6×6 கறுப்பு வெள்ளை, தனியாக வெட்டியது. கீழே கோணேசர் மலையின் பாறை, மேலே முக்கால்வாசி வானம். ஸ்கானர் எப்சன் V600.

பிலிம் சுருண்டிருந்ததால் முதலில் ஸ்கானர் கண்ணாடியில் நேரடியாக வைத்து, மேலே சாதாரணக் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பாரமாக வைத்தோம். வானம் முழுக்க வளையம். கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு தொகுதி, ஒன்றின் மேல் ஒன்றாக. மேல் கண்ணாடியை எடுத்ததும் ஒரு தொகுதி மறைந்தது, மற்றது நின்றது. பிலிமைச் சற்று நகர்த்தி மறுபடி ஸ்கான் செய்தபோது அதன் வடிவம் மாறியது. இதுதான் உறுதியான சோதனை: நெகட்டிவிலேயே உள்ள கறை எத்தனை தரம் ஸ்கான் செய்தாலும் படத்தின் அதே இடத்தில் இருக்கும், வளையமோ ஒவ்வொரு தரமும் வேறு வடிவம் எடுக்கும்.

அடுத்து, ஸ்கானரோடு வந்த பிலிம் சட்டத்தில் வைத்தோம். சட்டம் பிலிமைக் கண்ணாடியிலிருந்து சில மில்லிமீற்றர் உயர்த்துவதால் வளையம் முற்றாகப் போய்விட்டது. ஆனால் பிலிமின் நடுப்பகுதி தொய்ந்து, ஓரம் கூர்மையாகவும் நடு மங்கலாகவும் வந்தது. V600இன் லென்ஸ் ஒரே தூரத்துக்குக் குவிந்தது, நாம் மாற்ற முடியாது. 35 மில்லிமீற்றர் துண்டுக்கு இந்தச் சட்டமே பெரும்பாலும் போதும். அகலமான 120 பிலிமுக்குத்தான் மேலிருந்து ஏதாவது தட்டையாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஏதாவது, ஒரு பக்கம் அமிலத்தால் மெல்லச் சொரசொரப்பாக்கிய கண்ணாடி. சொரசொரப்பு இருப்பதால் காற்றுப் படலம் எங்கும் ஒழுங்கான தடிப்பில் அமையாது, வளையம் உருவாகாது. இதற்கென்றே செய்த நியூட்டன் வளையத் தடுப்புக் கண்ணாடி விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் படச்சட்டம் போடும் கடையில் பளபளப்பில்லாத 2 மில்லிமீற்றர் கண்ணாடியை வாங்கலாம். ஆனால் பூச்சுப் பூசிப் பிரதிபலிப்பைக் குறைத்த கண்ணாடி வேண்டாம், அதன் மேற்பரப்பு வழுவழுப்பானது. சொரசொரப்பான பக்கத்தை அறிய ஒரு துளி தண்ணீர் போதும்: துளி விழுந்த இடம் தெளிவாகிக் கண்ணாடி போலத் தெரிந்தால் அதுதான் அந்தப் பக்கம்.

கண்ணாடியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். கீழே, பிலிமுக்கும் லென்சுக்கும் நடுவே வைத்தால் சொரசொரப்பு படத்தில் மணல் தூவியது போலப் பதியும். மேலேதான் வைக்க வேண்டும். அங்கே அது விளக்கொளியைச் சற்றுப் பரப்பிவிடும், லென்ஸ் பிலிமை நேரே பார்க்கும்.

பிலிமை, படம் பதிந்த பூச்சான எமல்சன் உள்ள பக்கம் கீழாகத் திருப்பினோம். எமல்சன் பக்கம் மங்கலாக இருக்கும். ஓரத்து எழுத்து அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் இடவலம் மாறித் தெரியும். பிலிம் வழக்கமாக எமல்சன் பக்கமாகவே வளைவதால், இப்படி வைத்தால் நடுப்பகுதி மேலே எழும்பும். எழும்பி, மேலே உள்ள கண்ணாடியில் தானாகவே படியும். தொய்வைத் தந்த அதே வளைவு இப்போது தட்டையாக்க உதவுகிறது.

கண்ணாடியைச் சட்டத்தின் பள்ளத்துக்குள் அடங்கும் அகலத்துக்கும், பிலிமைவிட ஒரு சென்ரிமீற்றர் நீளமாகவும் வெட்டி, விளிம்பை நனைத்த எமரித் தாளால் தேய்த்தோம். பிலிமின் பளபளப்பான பக்கத்தைக் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தில் வைத்து, இரு முனைகளிலும் படமில்லாத வெறும் விளிம்பில் 2 மில்லிமீற்றர் மட்டும் படும்படி மெல்லிய மாஸ்கிங் ரேப் ஒட்டினோம். மற்ற இரு ஓரங்களையும் சட்டத்தின் விளிம்பே தாங்கிக்கொள்ளும். சட்டத்தின் ஒரு முனையில் உள்ள நீளமான வெற்றுத் துவாரத்தை எதுவும் மறைக்கக் கூடாது. ஸ்கானர் விளக்கின் ஒளியை அளவிடுவது அதன் வழியாகத்தான். மறைத்தால் படத்தில் நீள நீளமாகக் கோடு விழும்.

வளையம் இல்லை, நடுவும் ஓரமும் ஒரே கூர்மை. ஆனால் அந்தக் கூர்மை இன்னும் கொஞ்சம் ஏற இடமிருந்தது. சட்டத்தின் நான்கு மூலையின் கீழும் தாள் துண்டுகளை 2, 4, 6 என அடுக்கி, ஒவ்வொரு தடவையும் பாறையின் ஒரே இடத்தை 2400 dpiஇல் ஸ்கான் செய்தோம். பிலிமின் மணிகள் மிகத் தெளிவாகத் தெரிந்தது 4 தாளில். 6 தாளில் மறுபடி மங்கியது. இந்த எண் ஒவ்வொரு ஸ்கானருக்கும் மாறும். ஒரு தரம் கண்டுபிடித்தால் அந்தத் தாள்களைச் சட்டத்தோடு ஒட்டிவிடலாம்.

எமல்சன் கீழே இருந்ததால் படம் இடவலம் மாறி வரும். கிம்ப்பில் `Image > Transform > Flip Horizontally`. இமேஜ்மேஜிக் இருந்தால்:

```
magick vaanam.tif -flop vaanam_sari.tif
```

எங்கள் ஊர்க் காற்றும் இதில் கைவைக்கும். கச்சான் வீசும் மாதங்களில் எமல்சன் உலர்ந்து சுருங்கி, பிலிம் இறுக வளையும். ரேப் கழன்று வந்தால் காரணம் அதுதான். மாரியில் எமல்சனிலுள்ள ஜெலற்றின் ஈரத்தை உறிஞ்சி மென்மையாகிவிடும். அப்போது எமல்சன் கண்ணாடியில் பட்டுக் கிடந்தால் ஒட்டிக்கொள்ளும், எடுத்த பிறகும் பளபளக்கும் திட்டு விட்டுப்போகும். மேலே சொன்ன முறையில் எமல்சன் எதையும் தொடுவதில்லை என்பதும் அதை நாங்கள் கைவிடாததற்கு ஒரு காரணம். மாரிக் காலத்தில் ஸ்கான் செய்யுமுன் பிலிமை மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் ஓர் இரவு வைத்து எடுக்கிறோம்.

ஸ்லைடுகளில் மட்டை அல்லது பிளாஸ்ரிக் சட்டம் போட்டவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை, சட்டத்தின் தடிப்பே இடைவெளி தந்துவிடும். இரு கண்ணாடிக்குள் அடைத்த ஸ்லைடு வேறு கதை. வளையம் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே இருப்பதால் ஸ்கானரில் எந்த மாற்றமும் உதவாது. சட்டத்தைப் பிரித்து பிலிமை வெளியே எடுத்து, கண்ணாடியில்லாத சட்டத்தில் மாற்றினால்தான் போகும். பிரிக்கும்போது பூஞ்சணம் கண்ணாடியோடு பிலிமை ஒட்டியிருப்பதைக் கண்டால் இழுக்க வேண்டாம், எமல்சன் உரிந்து வரும். அந்த ஸ்லைடை வளையத்தோடேயே ஸ்கான் செய்து வைப்பதுதான் நல்லது.