கமிஷன் வரி முதலில், லிங்க் அப்புறம்

டெலிகிராமில் நான் நடத்தும் கேட்ஜெட் சேனலில், லிங்க் உள்ள பதிவு எதுவானாலும் முதல் வரி இதுதான்: "இந்த லிங்க் வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும், அதற்காக உங்களுக்கு விலை கூடாது." கடைசியில் ஹேஷ்டேக்குகளோடு சேர்த்துப் போட்டால் போதாதா என்று இதே வேலை செய்யும் நண்பர் கேட்டார். போதாது. இன்ஸ்டாகிராம் போன்ற இடங்களில் பதிவு இரண்டு வரிக்கு மேல் மடிந்துகொள்ளும்; பலர் அதை விரிப்பதே இல்லை. சிங்கப்பூரின் விளம்பரத் தரநிலை ஆணையம் 2016ல் வெளியிட்ட சமூக ஊடக வழிகாட்டியும் இப்படிப்பட்ட வணிகத் தொடர்பைத் தெளிவாகச் சொல்லும்படிதான் கேட்கிறது.

ஆனால் எனக்குக் காசு வருகிறது என்பதைத் தவிர அந்த வரி வேறெதையும் சொல்லாது. பதிவு உருப்படியா என்று பார்க்க நான் ஒரு வேலை செய்வேன்: லிங்க்கை எடுத்துவிட்டு மீதியைப் படிப்பேன். அப்போதும் ஒருவருக்கு அது உதவ வேண்டும்.

65 வாட் யுஎஸ்பி-சி சார்ஜர் ஒன்றைப் பற்றி எழுதியதைச் சொல்கிறேன். இரண்டு துளைகள், பெட்டியில் பெரிதாக 65. ஒரு துளையில் மட்டும் லேப்டாப்பைச் செருகினால் 65 வாட் முழுதாக வரும். அடுத்த துளையில் போனையும் செருகினால் லேப்டாப்புக்கு 45, போனுக்கு 20 என்று பிரித்துவிடும். பிரிக்கும் அந்த நொடியில் லேப்டாப்புக்கு மின்சாரம் ஒருமுறை அறுந்து திரும்ப வரும். திரை சட்டென மங்கித் தெளிவதை வைத்தே கண்டுபிடிக்கலாம். 45 வாட் போதுமான மெல்லிய லேப்டாப்புக்கு இதனால் ஒன்றும் ஆகாது. 65 கேட்கும் ஆபீஸ் லேப்டாப்பாக இருந்தால் 'மெதுவாக சார்ஜ் ஆகிறது' என்ற எச்சரிக்கை வரும், வேலை கனமானால் சார்ஜ் ஏறுவதற்குப் பதில் இறங்கவும் செய்யும். எனவே பதிவில் கமிஷன் வரிக்கு அடுத்தே எழுதினேன்: "ஆபீஸ் லேப்டாப்பையும் போனையும் சேர்த்துப் போடுபவர்கள் இதை வாங்க வேண்டாம்."

அந்தச் சார்ஜர் 45 வெள்ளி, கமிஷன் 3 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் எனக்கு வருவது 1 வெள்ளி 35 காசு. வாங்கியவர் திருப்பி அனுப்பினால் அதுவும் போய்விடும். அதனால் கமிஷன் அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது ரத்தான ஆர்டர்களைத்தான். ஒரே பொருளுக்கு ரிட்டர்ன் அடுத்தடுத்து வந்தால், யாருக்கு ஒத்துவராது என்பதைப் பதிவு சரியாகச் சொல்லவில்லை, அல்லது விற்பவர் பக்கத்தில் ஏதோ மாறியிருக்கிறது.

இரண்டாவது சங்கதி இங்கே அடிக்கடி நடக்கும். ஆன்லைன் கடைகளில் ஒரே பக்கத்தில் அமெரிக்க பிளக், ஐரோப்பிய பிளக், சிங்கப்பூரின் மூன்று முள் பிளக் எல்லாம் தெரிவுகளாக இருக்கும். மேலே மின்னும் குறைந்த விலை சில நேரம் வெறும் கேபிளுக்கானது! லிங்க் போய் நிற்பது அந்தப் பக்கத்தில்தான், எந்தத் தெரிவு என்பதை வாங்குபவர்தான் தொட வேண்டும். ஆகவே தொட வேண்டிய தெரிவின் பெயரை அப்படியே எழுதி, பார்த்த தேதியையும் போடுகிறேன். இங்கே விற்கும் அடாப்டரில் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். படத்தில் அது தெரியவில்லையென்றால் அதையும் சொல்லிவிடுவேன்.

துவாஸ் தங்குவிடுதியிலிருந்து ஒரு தம்பி, "அண்ணே, இத ஊருக்கு எடுத்துட்டுப் போனா வேலை செய்யுமா?" என்று கேட்டார். "100-240V என்று அச்சிட்டிருந்தால் கரண்ட் பிரச்சினை இல்லை தம்பி, ஆனா மூணு முள் நம்மூர் பிளக் பாயிண்டுல நுழையாது, ஒரு மாற்று பிளக் வாங்கிக்குங்க" என்றேன். தேக்காவிலேயே கடைகளில் கிடைக்கும். அதற்கு லிங்க் போடவில்லை, பதிலைப் பதிவின் அடியில் சேர்த்துவிட்டேன்.

கமிஷன் வராத வழியையும் எழுதுவது என் வழக்கம். விலை உயர்ந்த போன், லேப்டாப் என்றால் இங்கே விற்பதற்கென வந்த லோக்கல் செட்டா, வெளிநாட்டு விற்பனைக்கென வந்த எக்ஸ்போர்ட் செட்டா என்பதுதான் முதல் கேள்வி. எக்ஸ்போர்ட் செட் மலிவு, ஆனால் பழுதானால் பெரும்பாலும் தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டர் போகாமல் விற்ற கடையைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கும். கடையில் நேரில் பார்த்து லோக்கல் செட் வாங்குவதே மேல் என்று தோன்றினால் அப்படியே எழுதுகிறேன். அந்த 65 வாட் சார்ஜர் பிராண்டின் ஆள், "வாங்க வேண்டாம்" என்ற பகுதியை மட்டும் எடுத்துவிட்டால் கமிஷனை உயர்த்தித் தருவதாகச் சொன்னார். அந்தச் சார்ஜரின் பதிவு இன்னும் சேனலில் இருக்கிறது, பழைய கமிஷனோடு.